அறையைக் காலி செய்யாதீர்கள்

விடுதி அறிவிப்புப் பலகைகளில் அவ்வப்போது இப்படி ஒரு தாள் ஒட்டப்படும்: “வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு எல்லா அறைகளிலும் பூச்சி மருந்து அடிக்கப்படும். மாணவிகள் தங்கள் பொருட்களை வெளியே எடுத்து, அறையைக் காலி செய்து, ஒத்துழைப்பு தரவும். - வார்டன்.” கரப்பானுக்கு மருந்து அடிப்பதென்றால் இந்த மூன்று வரி ஓரளவு போதும். அடிப்பது மூட்டைப்பூச்சிக்கு என்றால், இதைவிடக் கெடுதலான அறிவிப்பு வேறு இருக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் மெத்தைகள் வராந்தாவுக்கு வந்துவிடும். போர்வை, தலையணையைச் சுருட்டி மாடியில் இருக்கும் தோழியின் அறையில் போடுவார்கள். பெட்டிகளும் பைகளும் படிக்கட்டு ஓரம் வரிசையாக நிற்கும். மருந்தடிக்க வந்தவர் வெறும் தரையிலும் சுவரிலும் அடித்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விடுவார். மாலையில் எல்லாம் திரும்ப உள்ளே வரும். ஆனால் பூச்சி தரையில் இருந்ததே இல்லை. அது மெத்தையின் ஓரத் தையலில் இருந்தது, தலையணை உறைக்குள் இருந்தது, பையின் ஜிப்புக்கு அடியில் இருந்தது. மருந்து அடித்த நேரம் முழுக்க அது வராந்தாவில்தான் இருந்தது. கொஞ்சம் மாடி அறையிலேயே தங்கியும் விட்டது. இரண்டு மாதம் கழித்து, ஓர் அறையின் தொல்லை இரண்டு தளங்களின் தொல்லையாகிறது. “மருந்து சரியில்லை” என்று எல்லோரும் சொல்கிறார்கள். மருந்தைக் குறை சொல்லும் முன் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மூட்டைப்பூச்சி ஒழிப்பில் மருந்தடிப்பவரின் வேலை பாதிதான். மீதிப் பாதி அறையில் தங்கியிருப்பவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது, ஏன் என்பதையெல்லாம் சொல்ல வார்டனுக்குக் கிடைக்கும் ஒரே இடம் அந்தத் தாள். அதனால் அதை ஒரு பக்கத்துக்கு எழுதினாலும் தகும் என்பேன். அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் பூச்சியைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் காணப்படுவது வெப்பமண்டல மூட்டைப்பூச்சி. அறிவியல் பெயர் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். குளிர்நாடுகளில் பரவலாக இருப்பது இதன் நெருங்கிய உறவான சைமெக்ஸ் லெக்டுலாரியஸ். வளர்ந்த பூச்சி அரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பட்டையான உடம்பு என்பதால் ஒரு ஏ.டி.எம். கார்டு நுழையும் இடுக்கு அதற்குத் தாராளம். இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. நடந்தோ, நம் பொருட்களில் ஒட்டிக்கொண்டோதான் இடம் மாறும். ரத்தம் தவிர வேறு உணவு இல்லை. பகலெல்லாம் கட்டிலைச் சுற்றி ஓர் ஆள் உயரத் தூரத்துக்குள் இடுக்குகளில் கூட்டமாக ஒடுங்கியிருந்துவிட்டு, இரவில் நாம் அசையாமல் தூங்கும்போது வந்து குடித்துவிட்டு அதே இடுக்குக்குத் திரும்பும். பெண் பூச்சி நாளுக்கு இரண்டு மூன்று என்று முட்டைகளை இடுக்கில் பசையோடு ஒட்டிவைக்கும். முட்டை வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இங்குள்ள வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் பொரித்துவிடும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் பெரிய பூச்சியாகும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கு முன்னும் அதற்கு ஒரு தடவையாவது ரத்தம் வேண்டும்.

இவ்வளவும் அறிவிப்பில் வர வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இதற்குள் இருக்கிறது.

அறிவிப்பின் முதல் பத்தி மருந்தடிக்கும் தேதியைப் பற்றியதாக இருக்கக் கூடாது. தேதிக்கு ஒரு வாரம் முன்பே, யார் அறையில் பூச்சி இருக்கிறது என்று கேட்பதாக இருக்க வேண்டும். விடுதிகளில் மூட்டைப்பூச்சி பெருகுவதற்கு முதல் காரணம் வெட்கம். “எங்க ரூம்ல இருக்குன்னு சொன்னா எங்களை அழுக்குன்னு நெனப்பாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் கடி வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பளிங்கு மாதிரித் துடைத்த அறையிலும் இது வரும். ரயில் இருக்கையில், பேருந்தின் பெட்டி வைக்கும் இடத்தில், பழைய சினிமாக் கொட்டகையின் நாற்காலியில், பழைய விலைக்கு வாங்கிய மெத்தையில் இருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. அழுக்கு அதற்கு உணவில்லை. சாமான்கள் குவிந்த அறையில் ஒளிய அதிக இடம் கிடைக்கும் என்பது மட்டும்தான் வேறுபாடு. ஆகவே “உங்கள் அறையில் பூச்சி இருந்தால் அது உங்கள் குற்றமில்லை, எந்த அபராதமும் கிடையாது, என்னிடம் தனியாகச் சொன்னால் போதும்” என்று வார்டன் எழுத்தில் தர வேண்டும். அந்த உறுதி இல்லாமல் போனால், மருந்தடிக்க வருபவரிடம் தப்பும் தவறுமான பட்டியல்தான் போகும்.

“என்னை எதுவும் கடிக்கவில்லையே” என்பதும் சான்றில்லை. ஒரே அறையில் மூன்று பேர் இருந்தால், ஒருத்திக்குக் கையெல்லாம் தடித்துச் சிவந்திருக்கும், இன்னொருத்திக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. இருவரையும் பூச்சி ஒரே மாதிரிதான் கடித்திருக்கும். கடிக்குத் தோல் காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவே. இந்தப் பூச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோயைக் கடத்துவதாக நிரூபணம் இல்லை. அரிப்பும் தூக்கக் கேடும், சொறிந்த புண்ணில் சீழ் பிடிப்பதும்தான் அதன் தொல்லை. தேர்வு நேரத்தில் அதுவே போதுமான கொடுமை.

கடியை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றால் எதை வைத்து முடிவு செய்வது? கட்டிலை வைத்துத்தான். மெத்தை ஓரத்தில் கயிறு போலத் தைத்திருக்கும் மடிப்பைக் கட்டைவிரலால் பிரித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேனா மை சிந்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது பூச்சியின் கழிவு. ஈரத் துணியால் தொட்டால் அந்தப் புள்ளி மை போலவே கசியும். சாதாரணத் தூசி கசியாது. கூடவே பழுப்பு நிறத்தில் மெல்லிய உரிந்த தோல்களும் கிடைக்கலாம். அடுத்து இரும்புக் கட்டிலின் குழாய் முனைகள், திருகு இறங்கிய துளைகள், பிளைவுட் பலகையின் அடிப்பக்கம். பிறகு தலைமாட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டின் ஓரம், காலண்டரின் பின்புறம், திரைச்சீலையின் மடிப்பு. குழாய்க் கட்டிலில் முனையை மூடும் ரப்பர் குமிழ் விழுந்திருந்தால் அந்தக் குழாய்க்குள் கட்டாயம் பாருங்கள். விடுதிகளில் பூச்சியின் தலைமையிடம் பல நேரம் அதுதான்.

அறைகளின் பட்டியல் வந்தபின் வார்டனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 14-ஆம் எண் அறையில் பூச்சி என்றால் 14-க்கு மட்டும் மருந்தடித்தால் போதாது. இருபக்கமும் உள்ள 13, 15, மேலே இருக்கும் அறை, கீழே இருக்கும் அறை என்று ஐந்து அறைகளைச் சோதிக்க வேண்டும். மின்கம்பி ஓடும் குழாய் வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் பூச்சி பக்கத்து அறைக்கு நடந்து போகும். கட்டிடம் முழுக்க ஒரே நாளில் மேலோட்டமாக அடிப்பதைவிட, இந்த ஐந்து அறைகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் செலவழித்து ஆழமாகச் செய்வது பலமடங்கு பயன் தரும். பொதுவாக ஒப்பந்தம் அறைக்கு இத்தனை ரூபாய் என்றே பேசப்படுவதால், மருந்தடிப்பவருக்கு அவசரம் இருக்கும். அதனால் நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே பேசிவிடுவது நல்லது.

இனி அறையைத் தயார் செய்வது. இங்கேதான் பழைய அறிவிப்பைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். புது அறிவிப்பின் நடு வரி இப்படி இருக்கட்டும்: “எந்தப் பொருளையும் மூட்டை கட்டாமல் அறைக்கு வெளியே கொண்டுவராதீர்கள். மெத்தை, கட்டில், அலமாரி மூன்றும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.” மருந்து போய்ச் சேர வேண்டிய இடமே அந்த மூன்றும்தான். அவற்றை வெளியேற்றிவிட்டு யாருக்கு மருந்தடிப்பது?

மூன்று பேர் தங்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மூன்று இரும்புக் கட்டில், மூன்று மெத்தை, ஒரு சுவர் அலமாரி, கட்டிலுக்கடியில் பெட்டிகள், கொடியில் துணி. தயாரிப்பு வெள்ளிக்கிழமை மாலை தொடங்க வேண்டும். முதலில் வாய் கட்டக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பைகள், ஆளுக்கு ஐந்தாறு. இதை விடுதியே தர வேண்டும். பிள்ளைகளை வாங்கச் சொன்னால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, கொடியில் கிடக்கும் துணி, திரைச்சீலை எல்லாவற்றையும் கட்டிலின் மேலேயே பைக்குள் போட்டு, அங்கேயே இறுகக் கட்டிவிட வேண்டும். உதறக் கூடாது. உதறினால் முட்டை ஒட்டிக்கொண்டு இருக்கும், பூச்சி மட்டும் வேறிடத்தில் விழும்.

கட்டிய பைகள் நேராகத் துவைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். துணியில் இருக்கும் பூச்சியைக் கொல்வது சோப்பு இல்லை, சூடு. ஐம்பது டிகிரி செல்சியசுக்கு மேல் சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறினால் பூச்சியும் முட்டையும் பிழைக்காது. வெளிநாட்டுக் குறிப்புகளில் துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போடச் சொல்வார்கள். நம் விடுதிகளில் அது ஏது? ஆனால் மெஸ்ஸில் பெரிய அடுப்பு இருக்கிறது. பதினைந்து லிட்டர் வாளி ஒன்றில் எட்டு லிட்டர் கொதிநீரும் ஏழு லிட்டர் குழாய்த் தண்ணீரும் கலந்தால் அறுபத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில் வரும். துணியைப் போட்டால் கொஞ்சம் இறங்கும், அப்போதும் ஐம்பதுக்கு மேல்தான். துணியைக் குச்சியால் அமுக்கி முழுக்க மூழ்கவைத்து, தட்டுப் போட்டு மூடி, அரை மணி நேரம் விட வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகமே இல்லை. கொதிநீரைக் கையாள மெஸ் ஊழியர்களோ விடுதி ஊழியர்களோ பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு படியேற விடக் கூடாது. சாயம் போகும் துணி, பட்டு போன்றவற்றுக்கு வெந்நீர் ஆகாது. அவற்றைத் தையலோரமாக நிதானமாக இஸ்திரி போட்டால் போதும்.

துவைத்து உலர்ந்த துணி புதுப் பைக்குள்தான் போக வேண்டும். பழைய பைக்குள் போட்டால் செய்ததெல்லாம் வீண். இரண்டாவது மருந்தடிப்பு முடியும்வரை அந்தப் பையைத் திறந்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி கட்டிவைக்க வேண்டும்.

“வெயிலில் போட்டால் செத்துவிடாதா?” என்று எல்லோரும் கேட்பார்கள். நம் பாட்டிகள் மெத்தையை மொட்டைமாடியில் காயவைத்தவர்கள்தானே. அதில் ஓரளவு பலன் உண்டு, ஆனால் நம்பக் கூடியதில்லை. மெத்தையின் மேல்பக்கம் சுட்டாலும் அடிப்பக்கமும் நடுப்பகுதியும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. பூச்சி மெதுவாக நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அதோடு மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகும் வழியெல்லாம் உதிர்ந்துகொண்டும் போகும்.

புத்தகமும் பையும் கடினமான பகுதி. கட்டிலருகே இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முதுகுப் பகுதியை விரித்துப் பார்த்து, சுத்தமானதைப் பைக்குள் போட்டுக் கட்டி அறையிலேயே வைக்க வேண்டும். புத்தகத்திலும் மடிக்கணினியிலும் மருந்து அடிக்கக் கூடாது. பெட்டிகளைத் திறந்து காலியாகக் கட்டிலின் பக்கத்தில் வைத்தால் மருந்தடிப்பவர் தையலையும் ஜிப்பையும் சக்கரத்தின் இடுக்கையும் பார்க்க முடியும். பல் துலக்கும் பிரஷ், தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில், தின்பண்டம், முகத்துக்குப் பூசும் பொருட்கள் இவையெல்லாம் தனிப் பையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில். சனிக்கிழமை காலை அறையைப் பெருக்கி, குப்பையையும் ஒரு பையில் கட்டி உடனே வெளியேற்ற வேண்டும். துடைப்பதாக இருந்தால் மருந்தடிப்பதற்கு முன்பே துடைத்து, தரை உலர்ந்திருக்க வேண்டும். பிறகு கட்டிலையும் மேசையையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி நகர்த்திவிட்டு, பிள்ளைகள் வெளியே வரலாம்.

மருந்தடிக்க வருபவரைப் பற்றியும் அறிவிப்பில் இரண்டு வரி வேண்டும். என்ன மருந்து, அதன் வேதிப்பெயர் என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வணிகமாகப் பூச்சி ஒழிக்கும் வேலை செய்பவருக்கு உரிமம் தேவை. அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது வார்டனின் உரிமை. மருந்து டப்பாவில் சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் இருக்கும். அதன் நிறம் நச்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சு குறைந்துகொண்டே வரும். சிவப்பு முக்கோணம் போட்ட டப்பாவைத் தூங்கும் அறைக்குள் விடவே கூடாது.

கூடாது என்று இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நெல், பருப்புக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு வெளியேறும். மனிதர் அதை சுவாசித்தால் முறிவு மருந்து கிடையாது. குடியிருக்கும் கட்டிடத்தில் இதை வைப்பது கொலைக்குச் சமம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடி பரவி இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மூட்டைப்பூச்சி நம் தூக்கத்தைக் கெடுக்கும், உயிரை எடுக்காது. அதற்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைப் பற்றிப் பழமொழியே இருக்கிறது. விதைக்கடையில் வயலுக்கு விற்கும் மருந்தை வாங்கிவந்து கலக்கி அடிப்பதும், கட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் இதே வகையில்தான் சேரும்.

புகை போடும் முறையைப் பற்றியும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அறை முழுக்க வெண்புகை சூழ்வதைப் பார்த்தால் எதுவும் தப்பாது என்று தோன்றும். ஆனால் அந்தத் துளிகள் காற்றில் மிதந்து திறந்த பரப்பில் படிகின்றன, இடுக்குக்குள் போவதில்லை. உள்ளே இருக்கும் பூச்சி எரிச்சலில் இன்னும் ஆழமாக ஒளிகிறது, அல்லது பக்கத்து அறைக்குக் கிளம்புகிறது. கடையில் கிடைக்கும் கரப்பான் ஸ்ப்ரேயைக் கட்டிலில் அடிப்பதும் அப்படியே. மருந்து சரியாகப் போகிறதா என்று வார்டன் பார்க்க விரும்பினால் ஒரே அடையாளம்தான்: குழாய் முனை இடுக்கை ஒட்டி, மெதுவாக, கோடு இழுப்பதுபோல் நகர வேண்டும். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு மூட்டுகளில் அடிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து சுவரெல்லாம் நனைப்பது மூட்டைப்பூச்சி வேலை இல்லை. மெத்தையில் அடிப்பதென்றால் லேபிளில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும், அதுவும் ஓரத் தையலில் மட்டும். நீராவி இயந்திரம் கொண்டுவருபவர் கிடைத்தால் மெத்தைக்கு அதுவே மேல்.

இன்னொரு சிக்கல், மருந்துக்குப் பூச்சி பழகிவிடுவது. டி.டி.டி. வந்து சில ஆண்டுகளிலேயே, 1947-இல், ஹவாயின் பேர்ல் ஹார்பரில் அது பலிக்காத மூட்டைப்பூச்சிகள் கண்டறியப்பட்டன. இன்று பரவலாக அடிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் உலகெங்கும் அதே கதை. ஆகவே சென்ற முறை அடித்தது பலிக்கவில்லை என்றால் அதையே இரட்டிப்பாக அடிக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. வேறு வகை மருந்தையோ சூட்டையோ நாட வேண்டும். சென்ற முறை எது அடிக்கப்பட்டது என்று விடுதியில் எழுதிவைத்திருந்தால்தான் இந்தப் பேச்சையே தொடங்க முடியும்.

மருந்தடித்தபின் நான்கு மணி நேரமாவது அறை பூட்டியிருக்க வேண்டும். லேபிளில் அதிக நேரம் போட்டிருந்தால் அதுவே கணக்கு. திறந்ததும் ஜன்னல், கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் காற்றோடவிட்டு, ஈரம் முழுக்க உலர்ந்தபிறகு உள்ளே போகலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை முன்கூட்டியே வார்டனிடம் சொல்ல வேண்டும். பணிபுரியும் மகளிர் விடுதிகளில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களும்தான். இவர்களுக்கு அன்றிரவு வேறு இடம் ஏற்பாடு செய்து தருவதே சரி. மாற்றுத்துணி உட்பட எல்லாவற்றையும் சோதித்துவிட்டு அவர்களை அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு 108 என்ற எண்ணும் அறிவிப்பின் கீழே இருக்கட்டும்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காத ஒன்று: அன்றிரவு உங்கள் கட்டிலிலேயே படுங்கள். ஏன் என்று சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இடுக்கில் தப்பிய பூச்சி வெளியே வர வேண்டுமென்றால் அதற்குப் படுத்திருக்கும் ஆளின் மூச்சும் உடல்சூடும் வேண்டும். அந்த வாசனையைத் தேடி நடக்கும்போதுதான் அது உலர்ந்த மருந்தின்மேல் காலை வைக்கிறது. நீங்கள் தோழியின் அறைக்குப் போய்விட்டால் அது இடுக்கிலேயே காத்திருக்கும். சாப்பிடாமல் மாதக்கணக்கில் இருக்க அதனால் முடியும். இல்லையென்றால் உங்கள் பையோடு தோழியின் அறைக்கே வந்துவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளியே போட்டு, விரிப்பு தரையைத் தொடாமல் செருகிக்கொண்டால் போதும்.

முதல் சில நாட்கள் பூச்சி கண்ணில் படும். முன்பைவிட அதிகமாகக்கூடப் படலாம், பகலிலும் தள்ளாடி நடக்கும். மருந்து வேலை செய்வதன் அறிகுறி அது. அந்த நாட்களில் சுவரோரமும் கட்டில் காலைச் சுற்றியும் துடைக்கக் கூடாது. நடுத்தரையை மட்டும் பெருக்கலாம். இதை அறிவிப்பில் எழுதினால் மட்டும் போதாது, கூட்டித் துடைக்கும் அக்காவிடம் வார்டன் நேரில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல் ஃபினாயில் போட்டு மூலைமுடுக்கெல்லாம் துடைத்துவிட்டால் சனிக்கிழமை செலவழித்த பணம் வாளித் தண்ணீரில் போய்விடும்.

அறிவிப்பில் இரண்டு தேதிகள் இருக்க வேண்டும். ஒரே ஒரு தேதி போட்ட அறிவிப்பு அரைகுறையானது. பெரும்பாலான தெளிப்பு மருந்துகளுக்கு முட்டை சாவதில்லை. முதல் சனிக்கிழமை காலை இட்ட முட்டைகூட அடுத்த பத்து நாளில் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட நம் ஊர்ச் சூட்டிலும் மூன்று நான்கு வாரமாவது ஆகும். ஆகவே பதினான்காம் நாள் மறுபடி அடித்தால், எல்லா முட்டையும் பொரிந்திருக்கும், எதுவும் புது முட்டை இட்டிருக்காது. அந்த இடைவெளிதான் குறி. ஐந்தாம் நாளே வந்து அடித்தால் பொரியாத முட்டைகள் தப்பும், இரண்டு மாதம் கழித்து வந்தால் புதுத் தலைமுறை ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமை அடித்தால் அடுத்தடுத்த சனிக்கிழமை, தேர்வு நேரமாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. “இப்பதான் ஒண்ணும் கடிக்கலையே மேடம், மறுபடி எதுக்கு?” என்று கேட்பார்கள். கடி நின்ற பத்து நாள் என்பது முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும் பத்து நாள். துணியைப் பையில் கட்டுவது, கட்டிலை நகர்த்துவது எல்லாம் இரண்டாம் முறையும் அதே மாதிரி உண்டு.

பூச்சி ஒழிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவது முறை மருந்தடிக்க வரும்போதே, கட்டிலிலும் சட்டத்திலும் இருக்கும் பழைய கறுப்புப் புள்ளிகளை முதலில் சோப்புத் துணியால் துடைத்துவிட்டு, பிறகு மருந்தடிக்கச் சொல்ல வேண்டும். மெத்தையில் போகாத கறைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவைக்கலாம். அதன்பின் வாரம் ஒருமுறை டார்ச்சோடு பத்து நிமிடம். வட்டத்துக்கு வெளியே புதுப் புள்ளி வந்தால் பூச்சி இருக்கிறது. எட்டு வாரம் புதுப் புள்ளி இல்லை, உயிருள்ள பூச்சி இல்லை, புதுக் கடி இல்லை என்றால் அந்த அறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரே ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவுகட்ட வேண்டாம்.

கட்டில் கால்களுக்கு அடியில் கிண்ணம் வைத்துக் கண்காணிப்பது நல்ல பழைய வழக்கம். ஆனால் கடைகளில் கிடைக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணப் பொறிகள் குளிர்நாட்டுப் பூச்சியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அது வழுக்கி உள்ளேயே கிடக்கும். நம் வெப்பமண்டலப் பூச்சியின் காலில் பிடிமானம் அதிகம், ஏறி வெளியே வந்துவிடுவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே வெறும் கிண்ணத்தை நம்பாமல் அதில் இரண்டு விரல் ஆழத்துக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். நான்கு காலுக்கும் வேண்டும். கட்டில் ஒரு மூலையில் சுவரைத் தொட்டால் கிண்ணம் வைத்து எந்தப் பயனுமில்லை. தண்ணீரைக் கொசு முட்டையிடாதபடி மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றும்போது, கிண்ணத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பொங்கல், தீபாவளி, பருவ விடுமுறை முடிந்து எல்லோரும் ஒரே நாளில் ஊரிலிருந்து திரும்பும்போதுதான் பூச்சி புதிதாக நுழைகிறது. அந்த நாளுக்கும் வார்டன் ஒரு சிறிய தாள் ஒட்டலாம். வந்ததும் பையைக் கட்டிலில் வைக்க வேண்டாம், வெறும் தரையில் வெளிச்சத்தில் திறந்து ஜிப்பையும் தையலையும் பாருங்கள், பயணத்தில் உடுத்தியிருந்த துணியை அன்றே வெந்நீரில் போடுங்கள், கறுப்புப் புள்ளி கண்டால் அன்று இரவே வந்து சொல்லுங்கள்.